ஸ்கேன் செய்த ஜிஎஸ்டி பில்லில் வரியையும் வரிக்குரிய மதிப்பையும் பிரிப்பது எப்படி: ரவுண்ட் ஆஃப் பைசா வரை சரிபார்க்கும் முழு வழிகாட்டி

கொள்முதல் பில்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் மூலம் எழுத்தாக்கி, ஷீட்டில் ஏற்றும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கடைசியில் வரும் மொத்தம் பில்லோடு ஒத்துப்போனதும் எல்லாம் சரி என்று அடுத்த பில்லுக்குப் போய்விடுகிறார்கள். பில்லின் மொத்தம் முழு ரூபாய்க்கு ரவுண்ட் செய்யப்பட்டது. உள்ளே ஒரு எண் இருபது பைசா தப்பாக இருந்தாலும் அந்த ரவுண்டிங் அதை மூடிவிடும். அதனால் இங்கே சரிபார்க்கப் போவது மொத்தத்தை மட்டும் அல்ல. பில்லில் அச்சான ரவுண்ட் ஆஃப் பைசாவே நம் கணக்கிலும் வருகிறதா என்பதை.

பேக்கிங் பொருள் விற்கும் கடையிலிருந்து ஒரு பின்னலாடை யூனிட்டுக்கு வந்தது போன்ற ஒரு மாதிரி பில்லை எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை போவோம்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பில்லின் அசல் தாளோ, தெளிவான படமோ பக்கத்தில் இருக்கட்டும். ஓசிஆர் கொடுத்ததை ஓசிஆர் கொடுத்ததை வைத்தே திருத்த முடியாது.

பிடிஎஃப் வந்தால், அது உண்மையிலேயே ஸ்கேன்தானா என்று முதலில் பாருங்கள். பல பில்கள் பில்லிங் மென்பொருளிலிருந்து நேராக வந்தவை. எழுத்து உள்ளேயே இருக்கும். கீழே உள்ள முதல் கட்டளையில் எழுத்து வந்துவிட்டால் ஓசிஆரே வேண்டாம். வெறும் வெற்றிடம் வந்தால் அடுத்த இரண்டையும் ஓட்டுங்கள்.

```
pdftotext -layout bill.pdf -
pdftoppm -r 300 -gray -png bill.pdf bill
tesseract bill-1.png bill --psm 6 -c preserve_interword_spaces=1
```

300 டிபிஐக்குக் கீழே போகாதீர்கள். அட்டவணைக்குள் இருக்கும் எழுத்து மிகச் சிறியது. 150-இல் ஸ்கேன் செய்தால் 8-உம் 6-உம் ஒரே புள்ளிக்கூட்டமாகத் தெரியும். தாள் சாய்ந்திருந்தால் நிமிர்த்திவிட்டு ஓட்டுங்கள். சாய்ந்த தாளில் ஒரு வரியின் வரித்தொகை அடுத்த வரிக்கு ஏறிப்போகும். அப்படிப் போனதைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் சிரமம்.

## 2. அட்டவணையைத் தொடாமல், முதலில் பில்லின் அடிப்பகுதியை எழுதுங்கள்

மேலிருந்து கீழே படிப்பது பழக்கம். இந்த வேலையில் கீழிருந்து தொடங்குங்கள். அடிப்பகுதியில் உள்ள எண்களை ஓசிஆரிலிருந்து எடுக்காமல், பில்லைக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். நம் பில்லில் அவை இவை, இடமிருந்து வலமாக விகிதம், வரிக்குரிய மதிப்பு, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி:

```
5%     10,372.08    259.30    259.30
18%     9,074.80    816.73    816.73
Total  19,446.88  1,076.03  1,076.03
Round Off                       0.06
Grand Total                21,599.00
```

அட்டவணையை முதலில் ஏற்றிவிட்டால், அதன் கூட்டுத்தொகை மனதில் பதிந்துவிடும். பிறகு அடியில் உள்ள மங்கலான எண்ணை அதற்கேற்பவே படிப்போம். சரிபார்க்க இருக்கும் அளவுகோல் நம் பதிவின் சாயல் இல்லாமல் தனியாக இருக்க வேண்டும்.

மொத்தத்தை உறுதி செய்ய, எழுத்தால் எழுதிய தொகையையும் படியுங்கள். ‘இருபத்தொன்றாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது’ என்பதில் எந்த இலக்கமும் மாறிப்போக வாய்ப்பில்லை. இ-இன்வாய்ஸாக இருந்தால், அதன் கியூஆர் குறியீட்டுக்குள்ளும் பில்லின் மொத்த மதிப்பு இருக்கிறது. சரிபார்ப்புச் செயலியில் காட்டினால் தெரிந்துவிடும்.

## 3. எந்த வரி, என்ன விகிதம் என்று முடிவு செய்யுங்கள்

‘பிளேஸ் ஆஃப் சப்ளை’ என்ற வரியையும் விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களையும் பாருங்கள். இரண்டும் 33, அதாவது தமிழ்நாடு என்றால், வரி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பாதி பாதியாக வரும். விற்பவர் 29, அதாவது கர்நாடகம், சப்ளை இடம் தமிழ்நாடு என்றால் ஐஜிஎஸ்டி மட்டும்தான். இது முன்பே தெரிந்தால்தான் ஒரு வரியில் எத்தனை வரித்தொகை இருக்க வேண்டும் என்று தெரியும். ஓசிஆர் ஒன்றை விழுங்கியிருந்தால் உடனே பிடிபடும்.

தேதியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் மாறின. அட்டைப்பெட்டி 12 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தது. பழைய பில்லில் 12 இருந்தால் அது சரிதான். புதிய விகிதம் பழகிப்போய், பழைய பில்லைத் ‘திருத்தி’ வைத்தவர்கள் உண்டு. விகிதம் எப்போதும் பில்லில் உள்ளபடியே ஏறட்டும்.

## 4. ஓசிஆர் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு பிரியுங்கள்

நம் பில்லின் அட்டவணை ஓசிஆரில் இப்படி வந்தது:

```
1 Carton Box 7ply 4819 150    38.75  2% 25,696.25 2.5% 142.41 2.5% 142.41
2 Poly Cover      3923 42.350 168.00     7,114.60 9%   640.33 9%   640.33
3 BOPP Tape       3919 36     47.50      1,710.00 96   153.90 9%   153.90
4 Carton Box 3ply 4819 275    17.35  2%  4,675.83 2.5% 116.90 2.5% 116.90
```

இதில் மூன்று தப்பு இருக்கிறது. ஒன்றுகூட எழுத்துப்பிழை மாதிரித் தெரியவில்லை, பாருங்கள். அதனால்தான் இதைக் கண்ணால் பார்த்துத் திருத்தக் கூடாது.

ஷீட்டில் இந்த வரிசையில் ஏற்றுங்கள்: A வரி எண், B அளவு, C விலை, D தள்ளுபடி சதவீதம், E வரிக்குரிய மதிப்பு, F மொத்த ஜிஎஸ்டி விகிதம், G சிஜிஎஸ்டி, H எஸ்ஜிஎஸ்டி. D, F இரண்டிலும் % குறி இல்லாமல் எண்ணை மட்டும் எழுதுங்கள். ஓசிஆர் கொடுத்த அசல் எழுத்தை இன்னொரு தாளில் அப்படியே விட்டுவையுங்கள். பின்னால் எங்கே மாறியது என்று தேட அது வேண்டும்.

எண்ணாக மாற்றும்போது காற்புள்ளிதான் தொல்லை. 1,24,500.00 என்ற நம் ஊர் எழுத்துமுறையை ஷீட் சில சமயம் எண்ணாக ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கூட்டலில் அது சேராது, எச்சரிக்கையும் வராது. அப்புறம் ஓசிஆர் புள்ளியையும் காற்புள்ளியையும் மாற்றிப் படிக்கும். தொகை எல்லாவற்றிலும் பைசா இரண்டு இலக்கம் அச்சாகியிருந்தால், கூகுள் ஷீட்ஸில் அசல் எழுத்து உள்ள தாளை ஒட்டும் முன்பே ‘ப்ளெயின் டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டு, அதில் உள்ள தொகைக்குப் பக்கத்து நெடுவரிசையில் இப்படிச் செய்யலாம்:

```
=VALUE(REGEXREPLACE(E2,"[^0-9]",""))/100
```

இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, கடைசி இரண்டு இலக்கத்தைப் பைசாவாக எடுத்துக்கொள்கிறது. இதைத் தொகைக்கு மட்டும் போடுங்கள். அளவு 42.350 என்று மூன்று தசமத்தில் இருக்கும். அங்கே போட்டால் 423.50 ஆகிவிடும். ரவுண்ட் ஆஃப் கழித்தலில் இருந்தால் அந்தக் குறியும் போய்விடும். ஆகவே அதைக் கையால் எழுதுங்கள்.

## 5. எது மதிப்பு, எது வரி என்பதைத் தலைப்பை நம்பாமல் உறுதி செய்யுங்கள்

‘அமௌன்ட்’ என்ற தலைப்பு ஒரு கடையில் வரிக்கு முந்தைய தொகை. இன்னொரு கடையில் வரி சேர்ந்த தொகை. ‘ரேட்’ என்பதிலும் இதே குழப்பம்தான். தலைப்பை வைத்து முடிவு செய்தால், வரி சேர்ந்த தொகைக்கு மேல் மறுபடியும் வரி போட்டுவிடுவீர்கள். எண்களே சொல்லட்டும்:

```
=ROUND((G2+H2)/E2*100,2)
```

விடை 5.00 அல்லது 18.00 என்று வந்தால், E-இல் இருப்பது வரிக்குரிய மதிப்பேதான். 18 சதவீதப் பொருளுக்கு 15.25 வந்தால், E-இல் வரி சேர்ந்த தொகை உட்கார்ந்திருக்கிறது, அதை 1.18-ஆல் வகுத்தால் மதிப்பு கிடைக்கும். 5 சதவீதப் பொருளுக்கு அதே நிலைமையில் 4.76 வரும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

நம் முதல் வரியில் விடை 1.11 என்று வருகிறது. அப்படி ஒரு விகிதமே இல்லை. பில்லைப் பார்த்தால் அங்கே ₹5,696.25 என்று இருக்கிறது. ரூபாய்க் குறியை ஓசிஆர் 2 என்று படித்து எண்ணின் தலையில் ஒட்டிவிட்டது. இது அடிக்கடி நடப்பது. மூன்றாம் வரியில் 9% என்பது 96 ஆகியிருக்கிறது. அங்கே தொகைகள் சரியாக இருப்பதால் விடை 18.00 என்றே வந்து, விகிதத்தில்தான் தப்பு என்று காட்டிக்கொடுக்கிறது.

இரண்டாம் வரியிலும் 18.00 வருகிறது. ஆனால் அந்த வரி தப்பு. இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

## 6. ஒவ்வொரு வரியையும் பைசா அளவில் சோதியுங்கள்

விகிதச் சோதனை பெரிய தப்பைத்தான் பிடிக்கும். சின்னதைப் பிடிக்க இரண்டு சோதனை வேண்டும். முதலாவது வரித்தொகையிலிருந்து, இரண்டாவது அளவிலிருந்து:

```
=ROUND(ROUND(E2*F2/200,2)-G2,2)
=ROUND(ROUND(B2*C2*(1-D2/100),2)-E2,2)
```

200-ஆல் வகுப்பது, மொத்த விகிதத்தில் பாதி சிஜிஎஸ்டி என்பதால். ஐஜிஎஸ்டி பில்லில் 100.

இரண்டாம் வரியில் முதல் சோதனை -0.02 என்றும், இரண்டாவது 0.20 என்றும் வருகிறது. 42.350 கிலோவை 168 ரூபாயால் பெருக்கினால் 7,114.80. ஓசிஆர் படித்தது 7,114.60. ஆக, 8 என்பது 6 ஆகியிருக்கிறது. பில்லைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் அச்சு சற்றே வெளிறியிருக்கும்.

எவ்வளவு வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கலாம்? ஒரு வரிக்கு ஒரு பைசா, அவ்வளவுதான். தள்ளுபடி இருந்தால் அந்த ஒரு பைசா நிஜமாகவே வரும். நான்காம் வரியைப் பாருங்கள். 275 × 17.35 என்பது 4,771.25. அதில் 2 சதவீதம் 95.425. மென்பொருள் தள்ளுபடியை முதலில் 95.43 என்று ரவுண்ட் செய்துவிட்டுக் கழித்தால் 4,675.82 வரும், கழித்துவிட்டு ரவுண்ட் செய்தால் 4,675.83. இந்தக் கடையின் மென்பொருள் இரண்டாவது வழியில் போகிறது. இரண்டுமே தப்பில்லை, அச்சில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பைத்தானில் இந்தக் கணக்கைப் போடுபவர்கள் இங்கே தனிக் கவனம் வைக்க வேண்டும். `Decimal`-இன் `quantize` சரிபாதி வந்தால் இயல்பாக இரட்டைப்படை இலக்கத்தை நோக்கி ரவுண்ட் செய்யும், 4675.825-ஐ 4675.82 ஆக்கிவிடும். `ROUND_HALF_UP` என்று வெளிப்படையாகக் கொடுங்கள். `float` வேண்டவே வேண்டாம்.

வரிச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. 9 சதவீதத்தில், மதிப்பு சுமார் 11 பைசா மாறினால்தான் வரி ஒரு பைசா நகரும். 2.5 சதவீதத்தில் 40 பைசா மாற வேண்டும். அதனால் 5 சதவீதப் பொருளில் 30 பைசா தப்பாகப் படிக்கப்பட்டிருந்தாலும் வரிச் சோதனை ஒரு பைசாவுக்குள்ளேயே நின்றுவிடலாம். அந்த வரிகளுக்கு அளவு × விலை சோதனையைத் தவறாமல் போடுங்கள்.

## 7. அட்டவணைக்கு வெளியே உள்ள தொகையை உள்ளே கொண்டுவாருங்கள்

நான்கு வரியையும் திருத்திக் கூட்டினால் 19,196.88 வருகிறது. அடியில் 19,446.88 என்று இருக்கிறது. சரியாக 250 ரூபாய் குறைகிறது.

இப்படி முழுசான எண் குறைந்தால் ஓசிஆர் தப்பைத் தேடாதீர்கள். அட்டவணைக்குக் கீழே, மொத்தத்துக்கு மேலே பாருங்கள்: வண்டி வாடகை 250.00 என்று இருக்கும். அதற்கு இந்தப் பில்லில் 18 சதவீதம் போட்டிருக்கிறார்கள். அந்த வரித்தொகை எந்த வரியிலும் தனியாக அச்சாவதில்லை. அடிப்பகுதியின் வரிச் சுருக்கத்தில் கலந்துவிடுகிறது. ஐந்தாவது வரியாகச் சேர்த்து, சிஜிஎஸ்டி 22.50, எஸ்ஜிஎஸ்டி 22.50 என்று எழுதுங்கள்.

எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பதில் ஊகம் வேண்டாம். 5 சதவீதக் கூட்டு ஏற்கெனவே 10,372.08 என்று பொருந்திவிட்டது. 18 சதவீதக் கூட்டில்தான் 250 குறைந்தது. விடை அங்கேயே இருக்கிறது.

## 8. விகிதவாரியாகக் கூட்டி, கடை எப்படி ரவுண்ட் செய்கிறது என்று கண்டுபிடியுங்கள்

வரித்தொகையை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். ஒவ்வொரு வரிக்கும் வரி போட்டு, பைசாவுக்கு ரவுண்ட் செய்து, பிறகு கூட்டலாம். அல்லது ஒரே விகிதத்தில் உள்ள மதிப்புகளைக் கூட்டிவிட்டு ஒரே முறை வரி போடலாம்.

```
=SUMIF(F2:F6,5,G2:G6)
=ROUND(SUMIF(F2:F6,5,E2:E6)*0.025,2)
```

5 சதவீதத்தில் முதல் வழி 142.41 + 116.90 = 259.31 தருகிறது. இரண்டாவது, 10,372.08-க்கு 2.5 சதவீதம், 259.302, ரவுண்ட் செய்தால் 259.30. அடியில் அச்சானது 259.30. ஆக இந்தக் கடை இரண்டாம் வழியில் போகிறது. 18 சதவீதத்தில் இரண்டு வழியிலும் 816.73-தான் வருகிறது, அதை மட்டும் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது.

இந்த ஒரு பைசாவைப் பார்த்ததும் புதியவர்கள் ஒரு வரியின் 116.90-ஐ 116.89 ஆக்கி ‘சரிக்கட்டி’ விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பில்லில் இல்லாத எண்ணைப் பதிவில் வைப்பது அது; அடுத்த முறை தேடும்போது அந்த வரியில் ஓசிஆர் தப்பு என்றே தோன்றும். எந்தக் கடை எந்த வழி என்று ஒரு முறை குறித்துவைத்தால், அந்தக் கடையின் அடுத்த பில்லுக்கு இந்தக் குழப்பமே இல்லை.

## 9. ரவுண்ட் ஆஃப் பைசாவைப் பொருத்திப் பாருங்கள்

அச்சான சுருக்கத்தின்படி: 19,446.88 + 1,076.03 + 1,076.03 = 21,598.94. இதை 21,599 ஆக்க 0.06 வேண்டும். பில்லிலும் 0.06. பொருந்திவிட்டது.

இரண்டாம் வரியைத் திருத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். மதிப்பின் கூட்டு 19,446.68. ஒவ்வொரு வரியின் வரித்தொகையையும் கூட்டினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தலா 1,076.04. மொத்தம் 21,598.76. ரவுண்ட் செய்தால் அப்போதும் 21,599! மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் இதைச் சரி என்று விட்டிருப்பார். ஆனால் ரவுண்ட் ஆஃப் 0.24 வருகிறது, பில்லில் 0.06. நடுவில் 18 பைசா.

இந்த 18 பைசா ரவுண்டிங்கால் வந்திருக்குமா? கணக்குப் போட்டுவிடலாம். ஒரு ரவுண்டிங்கில் அதிகபட்சம் அரைப் பைசா பிசகும். ஐந்து வரி, ஒவ்வொன்றிலும் இரண்டு வரித்தொகை: 5 பைசா. சுருக்கத்தில் இரண்டு விகிதம், ஒவ்வொன்றிலும் இரண்டு வரித்தொகை: இன்னும் 2 பைசா. ஆக இந்தப் பில்லில் 7 பைசாவுக்கு மேல் ரவுண்டிங்கால் வரவே முடியாது. 18 என்றால் எங்கோ ஓர் எண் தப்பு. ‘ஒரு ரூபாய்க்குள் இருந்தால் பரவாயில்லை’ என்ற பழக்கத்துக்குப் பதிலாக, வரிகளின் எண்ணிக்கையை வைத்து இந்த எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

## 10. பொருந்தாவிட்டால் தேடும் வரிசை

முதலில், வித்தியாசம் மதிப்பில் இருக்கிறதா வரியில் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். மதிப்பின் கூட்டு பொருந்தி வரி மட்டும் பொருந்தாவிட்டால், தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

வித்தியாசத்தைப் பைசாவாக்கி 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். கையால் தட்டச்சு செய்தவற்றில் இது பலிக்கும். ஓசிஆர் இடம் மாற்றுவது குறைவு, அது இலக்கத்தையே மாற்றும். அப்போது வித்தியாசம் 20 பைசா, 3 ரூபாய், 500 ரூபாய் என்று ஒற்றை இலக்கமும் சுழிகளுமாக இருக்கும். 200 ரூபாய் என்றால் நூறாம் இடத்தில் 8-உம் 6-உம் குழம்பிய வரியைத் தேடுங்கள்.

ஒரு வரியின் மதிப்பு அப்படியே குறைந்தால், ஓசிஆர் அந்த வரியை முழுதாக விட்டிருக்கிறது. பக்கம் மாறும் இடத்தில் இது நடக்கும். இரண்டாம் பக்கத்தின் தலையில் வரும் ‘முன்பக்கத் தொகை’ என்ற வரி பொருளாக ஏறியிருந்தால், மாறாக, நம் கூட்டு அந்தத் தொகை அளவு அதிகமாகும்.

## 11. பதிவில் எதை ஏற்றுவது

விகிதவாரியாக, சுருக்கத்தில் அச்சானதையே ஏற்றுங்கள்: 5 சதவீதத்துக்கு 10,372.08, வரி 259.30 இரண்டு, 18 சதவீதத்துக்கு 9,074.80, வரி 816.73 இரண்டு. விற்பவர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் பில்லை விகிதவாரியாகத்தான் கொடுக்கிறார். அதுதான் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பியில் வரும். ஒவ்வொரு வரியின் வரித்தொகையைக் கூட்டி ஏற்றினால் ஒவ்வொரு மாதமும் பைசா பைசாவாகப் பொருந்தாமல் நிற்கும்.

அந்த 0.06 மதிப்பும் இல்லை, வரியும் இல்லை. ரவுண்ட் ஆஃப் என்ற தனிக் கணக்கில் போகட்டும்.

எல்லாச் சோதனையும் முடித்து, தாளையும் நேரில் பார்த்த பிறகும் பொருந்தவில்லை என்றால், தப்பு பில்லிலேயே இருக்கலாம். கையால் விலை திருத்திய பில்லில் இப்படி வரும். அப்போது எண்ணை மாற்றாமல், எந்த வரியில் எத்தனை பைசா என்று எழுதி விற்பவருக்கு அனுப்புங்கள். திருத்திய பில்லோ, கிரெடிட் நோட்டோ வரும் வரை அந்தப் பில்லைப் பதிவில் நிலுவை என்று குறித்துத் தனியே வையுங்கள்.